தராசுக்குத் தெரியாத வேலை

எனக்குச் சின்னம்மா முறையான ஒருவர் எங்கள் தோட்டத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கொழுந்து பறிக்கிறார். பெயர் வேண்டாம். பெயரைப் போட்டால் நாளைக்குப் பிரட்டில் அவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். இந்த இருபத்திரண்டு வருடத்தில் அவருக்கு அரைப்பேர் விழுந்த நாட்களைக் கை விரலில் எண்ணிவிடலாம். காய்ச்சல் நாள், மழை அடித்து மலையை விட்டு இறங்கிய நாள், அவ்வளவுதான். அப்படிப்பட்டவர் போன மாதம் ஒரு பின்னேரம் திண்ணையில் உட்கார்ந்து, "தம்பி, நான் இப்ப வங்கி ஒடிக்கிறத விட்டுட்டேன்" என்றார்.

கொழுந்து பறிக்கிறவர்களுக்கு இந்த ஒரு வார்த்தையிலேயே எல்லாம் விளங்கிவிடும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். செடியில் எல்லாக் கிளையிலும் ரெண்டிலையும் மொட்டும் வருவதில்லை. சில கிளைகள் மொட்டு வளராமல் அப்படியே நின்றுவிடும். அதுதான் வங்கி. இளசாக இருந்தால் கூடைக்குப் போகும். முற்றிவிட்டால் ஸ்டோருக்கு ஆகாது, ஆனாலும் அதை ஒடித்துப் போட வேண்டும். ஒடித்தால்தான் அந்த இடத்தில் புதுத் தளிர் வரும். ஒடிக்காவிட்டால் கிளை தூங்கிவிடும், செடியின் மட்டமும் மேடு பள்ளமாகிவிடும். அடுத்த சுற்றில் கொழுந்து குறையும், அதற்கடுத்த சுற்றில் இன்னும் குறையும்.

ஒடித்துக் கீழே போட்ட வங்கிக்குத் தராசில் எடை இல்லை. அது கூடைக்குள் போவதில்லை. அதற்குப் போகிற நேரம் பறிக்கிறவரின் சொந்த நேரம். ஒழுங்காக ஒடித்துக்கொண்டு போனால் ஒரு நாளைக்கு ஒரு கிலோ, சில நாள் ஒன்றரைக் கிலோ தனக்குக் குறையும் என்று சின்னம்மாவே சொல்கிறார். அப்படியிருந்தும் இருபத்திரண்டு வருடம் ஒடித்திருக்கிறார். கொழுந்தைச் சாக்குக்குள் அமுக்காமல் தளர்வாகக் கொண்டுவந்திருக்கிறார். அமுக்கினால் சூடேறிச் சிவந்துபோகும், தேயிலை கெட்டுப்போகும் என்று அவருக்குத் தெரியும். கையில் நிறையப் பிடித்துக் கசக்காமல் நேரத்தோடு கூடையில் போட்டுவிடுவார். இதையெல்லாம் அவருக்கு எந்தத் துரையும் சொல்லித்தரவில்லை, அவருடைய அம்மாதான் சொல்லித்தந்தார்.

ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்ன சம்பவம் சின்னது.

துரை அன்றைக்கு மலைக்கு வந்திருக்கிறார். சின்னம்மாவின் நிரையைத் தாண்டித்தான் நடந்திருக்கிறார். மட்டம் பலகை வைத்தது போல இருந்த நிரை. நின்று பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் நடந்து, மூன்று நிரை தள்ளி ஒரு புதுப்பிள்ளை விட்டுப்போன நாலு வங்கியைக் கண்டதும் நின்றுவிட்டார். வெளிக்கள உத்தியோகத்தரைக் கூப்பிட்டு, "இதுதான் இங்க நடக்கிற பறிப்பா?" என்று சத்தம் போட்டார். உத்தியோகத்தர் கங்காணியைத் திட்டினார். கங்காணி எல்லாரையும் சேர்த்துத் திட்டினார். அந்த 'எல்லாரும்' என்பதில் சின்னம்மாவும் இருந்தார்.

"நல்லா இருக்குன்னு சொல்லச் சொல்லல தம்பி. நல்லா இருக்கிறதும் கண்ணுல படுதான்னுதான் பாத்தேன். படல. அப்பறம் எதுக்கு மினக்கெடணும்?"

ஒரு நாள் ஏச்சில் இப்படி ஆகிவிடவில்லை. வருடக்கணக்காகச் சேர்ந்தது அன்றைக்கு வழிந்திருக்கிறது. இப்போதும் அவர் கிலோ குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். எங்கள் தோட்டத்தில் பேருக்கு 20 கிலோ. அவர் அன்றைக்குக் கொடுத்தது காலை 10, மத்தியானம் 9, பின்னேரம் 8. ஒவ்வொரு நிறுவையிலும் சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று ஒரு கிலோ கழித்து 24 போட்டார்கள். வங்கி ஒடித்த காலத்தில் 23தான் வரும். கணக்கின்படி பார்த்தால் மனம் விட்டுப்போன பிறகு அவர் இன்னும் நல்ல தொழிலாளி ஆகிவிட்டார்! செக்ரோலைப் பார்த்து நிர்வாகம் செய்கிறவர்களுக்கு இது தெரியப்போவதில்லை. இரண்டு மூன்று மாதம் கழித்து அந்த மலையில் கொழுந்து குறையும்போதுதான் தெரியும். அப்போது உரம் காணாது என்பார்கள், வெயில் என்பார்கள், கடைசியில் "ஆளுங்க சரியில்ல" என்பார்கள்.

தோட்டத்தின் ஏற்பாடே குறையை மட்டும் எழுதுவதற்காகச் செய்யப்பட்டது என்பது என் வாதம். கிலோ குறைந்தால் அரைப்பேர் என்று எழுத செக்ரோலில் இடம் உண்டு. லேட்டாக வந்தால் எழுத இடம் உண்டு. முற்றல் கொழுந்து வந்தால் நிறுவை இடத்திலேயே கொட்டிக் காட்டி ஏசுவார்கள். நல்ல கொழுந்து வந்தால் எழுத எந்தக் கட்டமும் கிடையாது. ஸ்டோரில் ஒரு பிடி எடுத்து நல்லது, கெட்டது என்று பிரித்து வீதம் பார்க்கிறார்களே என்று கேட்பீர்கள். பார்க்கிறார்கள்தான், ஆனால் டிவிஷன் வாரியாக, லொறி வாரியாக. சின்னம்மாவின் கொழுந்தும் அந்தப் புதுப்பிள்ளையின் கொழுந்தும் ஒரே லொறியில் கலந்துதான் போகின்றன. வீதம் கூடினால் அந்தப் பெருமை டிவிஷனைப் பார்க்கிறவருக்கு. குறைந்தால் ஏச்சு இறங்கிவந்து எங்கள் தலையில் விழும். கொழும்பு ஏலத்தில் எங்கள் தோட்டத்துத் தேயிலைக்கு ஒருமுறை நல்ல விலை கிடைத்ததாம். பங்களாவில் விருந்து நடந்தது. அந்தச் செய்தி லயத்துக்கு வந்தது பங்களா அப்பு மூலமாகத்தான்.

பாராட்டே இல்லை என்று சொல்ல முடியாது என்பார்கள் சிலர். சிறந்த பறிப்பாளர் போட்டி வைக்கிறார்களே, சேலை கொடுக்கிறார்களே, படம் எடுக்கிறார்களே! எங்கள் தோட்டத்திலும் நடந்தது. போட்டிக்கென்று கொழுந்து நிறைந்து நின்ற மலையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு தங்கச்சி குறிப்பிட்ட நேரத்துக்குள் நிறையப் பறித்தாள், கைதட்டினோம், நானும் தட்டினேன். அடுத்த மாதமே பிரட்டில், "அவளால முடியுமுன்னா உங்களால ஏன் முடியாது?" என்று கேட்டார்கள். ஒருத்தியைப் புகழ்ந்தது மற்ற எல்லாரையும் விரட்டுவதற்குச் சாட்டையாகிவிட்டது. அந்தச் சேலையை அவள் இன்னும் கட்டவில்லை. 2021இல் ஆயிரம் ரூபாய்ச் சம்பளம் வந்த கையோடு பல தோட்டங்களில் பேருக்கான கிலோவைக் கூட்டினார்களே, அது நினைவிருக்கிறவர்களுக்கு இந்தப் பயம் புதிதல்ல. நல்லா வேலை செய்தால் நோர்ம் ஏறும் என்று நம் பெண்கள் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். அப்படிக் கற்றுக்கொடுத்தது நிர்வாகம்தான்.

சங்கத்துக்குள்ளேயே ஒரு மூத்த தோழர் என்னிடம் கேட்டார்: "தம்பி, நாம சம்பளத்துக்குச் சண்டை பிடிக்கிற ஆளுங்க. துரை முதுகில தட்டணும்னு கேக்கிறதா நம்ம வேலை? புகழ்ச்சி சோறு போடுமா?"

போடாது. துரையிடம் முதுகை நீட்ட நானும் சொல்லவில்லை. சம்பளத்துக்குப் பதிலாக நல்ல வார்த்தையை வாங்கிக்கொள்ளச் சொன்னால் அதைத் துப்பிவிட வேண்டும். ஆனால் அந்தத் தோழர் ஒன்றை மறந்துவிட்டார், இத்தனைக்கும் என்னைவிட அதிகம் விசாரணைகளுக்குப் போனவர் அவர். ஆபீசில் நம் ஒவ்வொருவர் பெயரிலும் சேர்கிற கடதாசிகள் என்னென்ன? விளக்கம் கேட்டுக் கடிதம், எச்சரிக்கைக் கடிதம், மன்னிப்புக் கேட்டு நாம் கைநாட்டு வைத்த கடிதம். நாளைக்கு ஒருவரை வேலை நிறுத்தி வழக்கு தொழில் நீதிமன்றத்துக்குப் போனால், இவர் இதுவரை எப்படி வேலை செய்தார் என்ற கேள்வி வரும். நிர்வாகம் அந்தக் கடதாசிகளைத் தூக்கி வைக்கும். இருபது வருடம் நல்ல கொழுந்து கொடுத்ததற்கு நம் பக்கம் என்ன இருக்கிறது? வாய்ப்பேச்சுத்தான். பாராட்டாத துரை வெறும் மரியாதை தெரியாதவர் என்று விட்டுவிட முடியாததற்குக் காரணம் இதுதான். நல்லதை எழுதி வைத்தால் அது தொழிலாளியின் கையில் ஒரு சாட்சி. அதனால்தான் எழுதுவதில்லை.

எனவே நாம் கேட்க வேண்டியதும் எழுத்தைத்தான். நிறுவை இடத்தில் கிலோ எழுதுகிற அதே புத்தகத்தில், கொழுந்து நல்லதாக இருந்தால் அதையும் அந்தப் பெயருக்கு நேரே குறிக்க வேண்டும். முற்றல் என்று ஏசத் தெரிகிற கண்ணுக்கு நல்லதும் தெரியும்தானே. வங்கி நிறைந்த மலையில் பறிக்கிற நாளுக்குக் கிலோவைக் குறைத்துப் பேர் போட வேண்டும். ஒடிப்பதும் வேலைதான். எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கிற ஆபீஸ், வருடம் முழுக்க ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தவருக்கு அதைச் சொல்லியும் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். சேலை வேண்டாம், படமும் வேண்டாம்.

அவர்கள் எழுதும் வரை நாம் சும்மா இருக்கத் தேவையில்லை. எங்கள் டிவிஷனில் பதினொரு வீடுகளில் நாற்பது பக்க அப்பியாசக் கொப்பி ஒன்று வைத்திருக்கிறோம். கோடு போட்டுக் கொடுத்தது நான், எழுதுவது என்னிடம் படிக்கிற பிள்ளைகள். திகதி, மலை நம்பர், மூன்று நிறுவை, கழித்தது எவ்வளவு, போட்டது எவ்வளவு. கடைசிக் கட்டத்தில் அன்றைக்கு நிறுவை இடத்தில் யார் என்ன சொன்னார்கள் என்று எழுத வேண்டும். ஏச்சானாலும் எழுத வேண்டும், நல்ல வார்த்தையானாலும் எழுத வேண்டும். முதல் மாதக் கொப்பிகளைச் சேர்த்துப் பார்த்தேன். ஏச்சு நிறைய. "ஒன்றும் சொல்லவில்லை" என்பது அதைவிட நிறைய. நல்ல வார்த்தை ஒன்றே ஒன்று, அதுவும் சொன்னது துரை இல்லை, சாக்குத் தூக்குகிற ஒரு பையன். "அக்கா, ஒங்க சாக்கு மட்டும் சூடே இல்ல" என்றானாம்.

இதில் எங்கள் மீதும் ஒரு குற்றம் உண்டு. தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் சந்தா பாக்கி வைத்தவர் பெயரை வாசிக்கிறோம். வங்கி ஒடிக்கிறவர் பெயரை எப்போதாவது வாசித்திருக்கிறோமா? நான் வாத்தியார், பிழைக்குச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டே பழகியவன். சரியான விடைக்குப் பக்கத்தில் ஒரு வார்த்தை எழுத எனக்கும் பல நாள் கை வருவதில்லை.

நேற்றுச் சின்னம்மா வீட்டுக் கொப்பியைப் பார்க்கப் போனேன். நாளைக்கு 7ஆம் நம்பர் மலை, வங்கி நிறைய நிற்கிற மலை.

"ஒடிப்பீங்களா சின்னம்மா?"

"பாப்போம்" என்றார். பிறகு பேத்தியைப் பார்த்து, "வங்கிக்கும் ஒரு கட்டம் போடச் சொல்லுடி வாத்தியார" என்றார்.