சான்றிதழ் இருந்தது, பெயர்தான் இல்லை

எங்கள் படிப்பகத்துக்கு மாலையில் வருகிற தம்பி ஒருவர் எம்.ஏ. சமூகவியல் முடித்தவர். காலனியிலிருந்து முதுகலை வரை போன இரண்டாவது ஆள். அவர் பெயரை மாற்றி அன்பரசு என்று வைத்துக்கொள்வோம். தந்தை பெயரின் முதலெழுத்து பி. வயது முப்பது. பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வுத் திட்டத்தில் களப்பணியாளர் வேலைக்கு அறிவிப்பு வந்தது. பொதுப் பிரிவுக்கு ஓர் இடம், அதன் குறியீடு `FI-01`. பட்டியல் சாதியினருக்கு ஓர் இடம், அதன் குறியீடு `FI-02`. வயது வரம்பு 28. பட்டியல் சாதியினருக்கு ஐந்தாண்டுத் தளர்வு உண்டு. எல்லாத் தகுதியும் அன்பரசுவுக்கு இருந்தது. மின்னஞ்சலும் கடைசித் தேதிக்கு நான்கு நாள் முன்பே போய்ச் சேர்ந்தது.

நிராகரிக்கப்பட்டவர்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. காரணம்: வயது வரம்பைக் கடந்தவர்.

தொலைபேசியில் கேட்டபோது அலுவலகத்தில் இருந்தவர் பொறுமையாகவே பதில் சொன்னார். விண்ணப்பத்தில் பதவிக் குறியீடு இல்லாததால் பொதுப் பிரிவில் சேர்த்துவிட்டார்களாம். சாதிச் சான்றிதழும் வரவில்லையாம். ஆனால் சான்றிதழ் போயிருந்தது. மூன்றாவது கோப்பில், மதிப்பெண் பட்டியல்களுக்குப் பின்னால், ஏழாவது பக்கமாக இருந்தது. அதை யாரும் திறந்து பார்க்கவில்லை.

அறிவிப்பை எடுத்து மறுபடி படித்தோம். கடைசிப் பத்தியில் இரண்டு வரி இருந்தது. மின்னஞ்சலின் சப்ஜெக்ட் எப்படி இருக்க வேண்டும், இணைப்புக் கோப்புகளுக்கு என்ன பெயர் வைக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தார்கள்:

```
Subject: Application_<Post Code>_<Name>
Attachments: NAME_INITIAL_CV.pdf
             NAME_INITIAL_PG.pdf
             NAME_INITIAL_CC.pdf
```

அன்பரசு அனுப்பியதில் சப்ஜெக்ட் `Fwd: Resume` என்று இருந்தது. பிரவுசிங் சென்டரில் வேறொரு வேலைக்கு முன்பு அனுப்பிய மின்னஞ்சலையே எடுத்து, முகவரியை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். ஒரு மின்னஞ்சலை அப்படி மறு அனுப்புதல் செய்தால் `Fwd:` தானாக ஒட்டிக்கொள்ளும். இணைத்த கோப்புகளின் பெயர்கள் இவை:

```
DOC-20240611-WA0007.pdf
IMG-20240611-WA0009.jpg
CamScanner 06-11-2024 18.42.pdf
```

இந்த மூன்றில் எது பயோடேட்டா, எது பட்டச் சான்று, எது சாதிச் சான்று? அனுப்பியவருக்கே திறந்து பார்த்தால்தான் தெரியும்.

இப்படியொரு நிபந்தனை ஏன் என்று தெரிந்துகொண்டால் அதை மறக்க மாட்டோம். இப்படிப்பட்ட அலுவலகங்களில் எல்லாப் பதவிக்குமான விண்ணப்பமும் பெரும்பாலும் ஒரே மின்னஞ்சல் முகவரிக்குத்தான் வருகிறது. அதைப் பிரிக்கும் பணியாளர் தேடல் பெட்டியில் `FI-02` என்று அடித்து, வருவதை ஒரு பட்டியலாக எழுதுகிறார். குறியீடு இல்லாத மின்னஞ்சல் அந்தத் தேடலில் அகப்படாது. பிறகு இணைப்புகளை எல்லாம் ஒரே இடத்தில் பதிவிறக்கம் செய்கிறார். நூறு பேர் `Resume.pdf` என்று அனுப்பினால் கணினியே அவற்றை `Resume (1).pdf`, `Resume (2).pdf` என்று மாற்றிவிடும். அதற்குப் பிறகு எது யாருடையது என்று யாருக்கும் தெரியாது. `CC` என்று முடியும் கோப்பு இருக்கிறதா என்பதை வைத்துத்தான் சாதிச் சான்று வந்ததா, இல்லையா என்று குறிக்கிறார்கள். பொதுப் பிரிவு விண்ணப்பதாரருக்குக் கோப்பின் பெயர் பிசகினால் கொஞ்சம் தாமதம் ஆகலாம். நம் பிள்ளைகளுக்கோ இடஒதுக்கீடும் வயதுத் தளர்வும் அந்த ஒரு கோப்பின் பெயரில் இருக்கிறது.

சரியாக எப்படிச் செய்திருக்க வேண்டும்? அன்பரசுவையே மறுபடி உட்கார வைத்து, அதே அறிவிப்புக்கு ஒரு முறை செய்து பார்த்தோம்.

முதலில் சப்ஜெக்ட். அறிவிப்பில் `<` `>` என்ற குறிகளுக்குள் இருப்பது நாம் நிரப்ப வேண்டிய இடம். சிலர் அந்தக் குறிகளையும் சேர்த்து எழுதுகிறார்கள். சிலர் `Post Code` என்ற சொல்லை அப்படியே விட்டுவிடுகிறார்கள். இரண்டுமே தவறு. குறியீட்டில் நடுவில் கோடு இருந்தால் கோடு வேண்டும். `FI02` என்று சேர்த்து எழுதினால் தேடலில் சிக்காமல் போகலாம். பெயர், சான்றிதழில் உள்ள எழுத்துக்கூட்டல்படியே இருக்க வேண்டும். அன்பரசுவின் பத்தாம் வகுப்புச் சான்றில் ANBARASU P என்றும் ஆதாரில் ANBARASAN என்றும் இருந்தது. பத்தாம் வகுப்புச் சான்றில் உள்ளதையே எல்லா இடத்திலும் எழுதச் சொன்னோம். முடிவில் வந்தது இது:

```
Application_FI-02_ANBARASU P
```

இதற்கு முன்னால் ஒரு சொல்லும் கூடாது, பின்னால் ஒரு சொல்லும் கூடாது. `Respected Sir` போன்ற மரியாதையெல்லாம் கடிதத்துக்குள் இருக்கட்டும்.

அடுத்தது கோப்புகள். கைபேசியில் எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் கடைக்காரருக்கு அனுப்பி, அவர் அதை இணைப்பதுதான் நம் ஊர் வழக்கம். அப்படி அனுப்பும்போது படம் சுருங்கி எழுத்து மங்குகிறது, பெயரும் மாறிவிடுகிறது. அதற்குப் பதில் கூகுள் டிரைவ் செயலியில் ஸ்கேன் என்று இருப்பதைத் தொட்டுச் சான்றிதழைப் படம் எடுத்தால், அது நேராக பிடிஎஃப் கோப்பாகவே சேமிக்கப்படும். இ-சேவையில் வாங்கிய சாதிச் சான்றிதழ் பிடிஎஃப்பாகவே கையில் இருந்தால் அதையே இணைக்கலாம். அச்செடுத்து மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை. அதில் வட்டாட்சியரின் மின்கையொப்பம் உள்ளது. மூலக் கோப்பில்தான் அதைச் சரிபார்க்க முடியும்.

பிறகு பெயர் மாற்றம். கைபேசியின் `Files` செயலியில் கோப்புக்குப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் `Rename` என்று வரும். `ANBARASU_P_CC` என்று எழுத வேண்டும். கடைசியில் `.pdf` ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருப்பது தெரியாமல் மறுபடி எழுதி `.pdf.pdf` என்று அனுப்பியவர்களும் உண்டு. `.jpg` படத்தின் பெயரில் `.pdf` என்று எழுதிவிட்டால் அது பிடிஎஃப் ஆகிவிடாது. அங்கே திறக்க முயன்றால் பிழை என்றே காட்டும்.

இங்கே இரண்டு பொறி இருக்கிறது. அறிவிப்பில் ஆதார் கேட்டிருந்தால், இணையத்தில் பதிவிறக்கிய மின்-ஆதார் கோப்பு கடவுச்சொல் போட்டுப் பூட்டியதாக இருக்கும். அதை அப்படியே அனுப்பினால் அலுவலகத்தில் திறக்க முடியாது. கேட்காத இடத்துக்கு ஆதாரை அனுப்பவே வேண்டாம். இன்னொன்று கோப்பின் அளவு. ஜிமெயிலில் இணைப்புகள் மொத்தம் 25 எம்பியைத் தாண்டினால் அவை இணைப்பாகப் போகாமல் டிரைவ் சுட்டியாகப் போகும். அங்கிருப்பவருக்கு நாம் அனுமதி தராவிட்டால் சுட்டி திறக்காது. திறந்தாலும், அவர் தேடுகிற `CC` கோப்பு இணைப்பு வரிசையில் இருக்காது.

மூன்றாவது, மின்னஞ்சலின் உள்ளே எழுதுவது. ஐந்தாறு வரி போதும். எந்த அறிவிப்பு, எந்தக் குறியீடு, தன் படிப்பு, தன் பிரிவு, பட்டியல் சாதிக்கான வயதுத் தளர்வைக் கோருவது ஆகியவை வேண்டும். அதன் கீழே இணைத்திருக்கும் கோப்புகளின் பெயர்களை வரிசையாக எழுதிவிட வேண்டும். தளர்வைக் கோருகிறேன் என்று எழுத அன்பரசு தயங்கினார். சாதியைச் சொல்லிக் கேட்பதா என்ற கூச்சம் அது. சலுகை கேட்கவில்லை, அறிவிப்பிலேயே எழுதியிருக்கும் விதியைச் சுட்டிக்காட்டுகிறோம் என்றோம். எழுதினார்.

பெறுநர் முகவரியைக் கடைசியில் எழுதுங்கள். அதுவரை கை தவறிப் பட்டாலும் மின்னஞ்சல் போகாது. அனுப்பியதும் `Sent` பகுதிக்குப் போய், அங்கிருந்தே ஒவ்வோர் இணைப்பையும் திறந்து பாருங்கள். கணினியில் சேமித்ததைப் பார்ப்பது போதாது, போனதைப் பார்க்க வேண்டும். சற்று நேரத்தில் `Mail Delivery Subsystem` என்ற பெயரில் ஒரு மின்னஞ்சல் வந்தால் நம் விண்ணப்பம் போய்ச் சேரவில்லை என்று பொருள். பெரும்பாலும் முகவரியில் ஓர் எழுத்து பிசகியிருக்கும்.

தவறு தெரிந்துவிட்டது, கடைசித் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றால், புதிய மின்னஞ்சலாக ஒரே ஒரு முறை சரியாக அனுப்பலாம். பழையதை மறு அனுப்புதல் செய்யக் கூடாது. இன்ன தேதியில் அனுப்பியதற்குப் பதிலாக இதை எடுத்துக்கொள்ளவும் என்று முதல் வரியில் எழுத வேண்டும்.

இவ்வளவையும் நம் பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேண்டும், கற்றுக்கொள்வார்கள். ஆனால் அலுவலகங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. வரும் மின்னஞ்சல்களைப் பிரிக்க ஒரு வசதிக்காக வைத்த விதி, ஒருவரின் தகுதியை முடிவு செய்யும் விதியாக மாறக் கூடாது. முதுகலை முடித்தவரின் சான்றிதழ் ஏழாம் பக்கத்தில் இருந்தது. அதைத் தேட ஒரு நிமிடம் ஆகும். சான்று காணவில்லை என்று இரண்டு வரியில் பதில் அனுப்பி, மூன்று நாள் அவகாசம் கொடுத்திருக்கலாம். அதைச் செய்யாமல் வயது கடந்தவர் என்று எழுதியது உண்மைக்கும் மாறானது. அவர் வயது கடந்தவரே அல்ல. சப்ஜெக்ட் பிசகினால் விண்ணப்பம் ஏற்கப்படாது என்பதுதான் விதியென்றால், அதைக் கடைசிப் பத்தியில் ஒளித்து வைக்காமல் முதல் பத்தியில் எழுதட்டும். தமிழிலும் எழுதட்டும்.

அரசு, அரசு நிதி பெறும் நிறுவனம் என்றால் கேட்க ஒரு வழி இருக்கிறது. 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, `FI-02` இடத்துக்கு எத்தனை விண்ணப்பம் வந்தது, எத்தனை எந்தக் காரணத்தால் நிராகரிக்கப்பட்டது, அந்த இடம் நிரப்பப்பட்டதா என்று கேட்கலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருப்பவருக்குக் கட்டணம் கிடையாது. 30 நாளில் பதில் வர வேண்டும். அன்பரசுவின் மனுவைப் போன வாரம்தான் பதிவுத் தபாலில் அனுப்பினோம். அதற்கு இணைத்த நகல்களின் பெயர்களை அவரே வரிசையாக எழுதினார். எதிலும் பிசகு இல்லை.