பென் டிரைவில் ஓ.எஸ்: ஒரு வாரம் ஓடும், அப்புறம் ஏன் படுத்துவிடுகிறது?

பழைய லேப்டாப். ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. புதுசு வாங்கும் வரை எப்படியாவது ஓட்டணும். யூடியூபில் தேடினால் முதலில் வரும் யோசனை இதுதான்: 32 ஜிபி பென் டிரைவ் ஒன்றை எடுங்கள், ரூஃபஸ் மூலம் உபுண்டுவை அதில் ஏற்றுங்கள், செய்த மாற்றங்கள் அழியாமல் இருக்க பெர்சிஸ்டன்ட் பகுதிக்கு 10 ஜிபி ஒதுக்குங்கள், அதிலிருந்தே பூட் செய்யுங்கள். பைசா செலவில்லை.

பொய் இல்லை, இது வேலை செய்யும். முதல் சில நாட்கள் ஃபயர்ஃபாக்ஸ் திறக்கும், டாக்குமென்ட் டைப் செய்யலாம், படமும் பார்க்கலாம். பிறகு ஒரு மாலை ‘அப்டேட் இருக்கிறது’ என்று திரையில் வரும். அதை அழுத்தியதும் எல்லாம் மந்தமாகும். மவுஸ் நகரும், கிளிக் எடுக்காது. அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து ஆஃப் செய்வார்கள். மறுநாள் காலையில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும்தான்.

‘டூப்ளிகேட் பென் டிரைவா இருக்கும்’ என்பதுதான் வழக்கமான தீர்ப்பு. பெரும்பாலும் அது தவறு. அதே பென் டிரைவ் 4 ஜிபி படத்தை சில நிமிடங்களில் காப்பி செய்து காட்டும். அது நல்ல பொருள்தான், ஆனால் இந்த வேலைக்குச் செய்யப்பட்டது இல்லை.

படம் காப்பி செய்வது வேறு, ஓ.எஸ். ஓடுவது வேறு

பென் டிரைவுக்குள் இருப்பது ஃபிளாஷ் சிப். அதில் ஏற்கெனவே எழுதிய இடத்தின் மேல் நேரடியாகத் திருத்தி எழுத முடியாது. முதலில் அழிக்க வேண்டும். அழிப்பதையும் சின்னச் சின்னதாகச் செய்ய முடியாது, பல எம்பி அளவுள்ள ஒரு முழு பிளாக்கைத்தான் அழிக்க முடியும். கரும்பலகையில் ஒரே ஒரு எழுத்தை மாற்ற, மற்ற வரிகளை எல்லாம் வேறொரு பலகைக்குப் பார்த்து எழுதிவிட்டு, பழைய பலகையை மொத்தமாகத் துடைப்பது போல.

படத்தை காப்பி செய்யும்போது இது தெரியாது. காலியான பிளாக்குகளில் வரிசையாக எழுதிக்கொண்டே போகலாம். ஓ.எஸ். எழுதுவதோ 4 கேபி இங்கே, 4 கேபி அங்கே என்று சிதறலாக. பிளாக் 4 எம்பி என்று வைத்துக்கொண்டால், மோசமான நேரத்தில் 4 கேபி மாற்றத்துக்காக அதைவிட ஆயிரம் மடங்கு டேட்டாவை இடம் மாற்ற வேண்டி வரும். எஸ்.எஸ்.டி.யிலும் இதே ஃபிளாஷ்தான். ஆனால் அதில் பல சிப்புகள் சேர்ந்து வேலை செய்யும், உதிரி இடம் நிறைய இருக்கும், எல்லாவற்றையும் சமாளிக்க வலுவான கன்ட்ரோலர் இருக்கும். பென் டிரைவில் பொதுவாக ஒன்றிரண்டு சிப், மலிவான ஒரு கன்ட்ரோலர், அவ்வளவுதான்.

ஃபயர்ஃபாக்ஸ் செய்யும் ஒரு வேலையை மட்டும் பார்ப்போம். திடீரென மூடிக்கொண்டால் டேப்களை மீட்பதற்காக, பயன்பாட்டில் இருக்கும்போது அது 15 விநாடிக்கு ஒருமுறை அவற்றின் நிலையைச் சேமிக்கும். எட்டு மணி நேரம் தொடர்ந்து வேலை பார்த்தால் 1,920 முறை வரை. ஹிஸ்டரி, குக்கீ, கேஷ் எல்லாம் இதற்கு மேல். பென் டிரைவில் வைத்து ஓட்டும் போர்ட்டபிள் பிரவுசருக்கும் இதே கதைதான். ‘இன்ஸ்டால் செய்யாமலே ஓடும்’ என்பதன் அர்த்தம், ‘எழுதாமல் ஓடும்’ என்பது அல்ல.

ஹேங் ஆகவில்லை, எழுதிக்கொண்டிருக்கிறது

அந்த மாலையில் நடந்ததும் இதுதான். அப்டேட் என்பது ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களை எழுதும் வேலை. லினக்ஸ் அவற்றை முதலில் ரேமில் வாங்கி வைத்துக்கொண்டு, பென் டிரைவுக்குப் பின்னால் மெதுவாக அனுப்பும். வரிசை நீண்டுவிட்டால் மற்ற எல்லா புரோகிராமும் அதன் பின்னால் காத்து நிற்கும். அப்டேட்டைத் தொடங்கும் முன்பே ஒரு டெர்மினலில் இதை ஓடவிட்டால் வரிசையைக் கண்ணால் பார்க்கலாம்:

```
watch -n1 'grep -E "Dirty|Writeback:" /proc/meminfo'
```

Dirty என்ற எண், இன்னும் எழுதப்படாமல் ரேமில் காத்திருக்கும் டேட்டாவின் அளவு. அது லட்சக்கணக்கான kB-யில் நின்று கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தால், கம்ப்யூட்டர் உயிரோடுதான் இருக்கிறது. டீ குடித்துவிட்டு வரலாம். அந்த நேரத்தில் பவர் பட்டனைத் தொடுவதுதான் விபரீதம்.

ஏனென்றால் அப்போது இரண்டு விஷயங்கள் கெடலாம். முதலாவது, ஃபைல் சிஸ்டம். போர்ட்டபிள் புரோகிராம்கள் இருக்கும் பென் டிரைவ் பெரும்பாலும் FAT32 அல்லது exFAT. பாதியில் நின்ற வேலையைக் குறித்து வைத்து, பிறகு சரிசெய்யும் ஜர்னல் இவற்றில் கிடையாது. உபுண்டுவின் பெர்சிஸ்டன்ட் பகுதியில் ஜர்னல் உண்டு. ஆனால் இரண்டாவது ஆபத்துக்கு ஜர்னலாலும் பதில் சொல்ல முடியாது. எந்த டேட்டா எந்த பிளாக்கில் இருக்கிறது என்று கன்ட்ரோலர் தனக்கென ஒரு வரைபடம் வைத்திருக்கும். அதை மாற்றி எழுதும் நொடியில் கரன்ட் போனால், ஃபைலைத் தொடாமலே ஃபைல் காணாமல் போகும். அன்று எழுதாத பழைய ஃபைல்கூடக் கெடுவது இதனால்தான்.

முன்னறிவிப்பும் உண்டு. sudo dmesg கொடுத்தால் I/O error என்றோ, Remounting filesystem read-only என்றோ வரிகள் வந்தால், அதற்கு மேல் அந்த டிரைவை நம்பக் கூடாது. அன்றே டேட்டாவை வேறு இடத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

மைக்ரோசாஃப்ட்டே விட்டுவிட்ட யோசனை

விண்டோஸ் 8 என்டர்பிரைஸ் பதிப்பில் ‘விண்டோஸ் டு கோ’ என்ற வசதி வந்தது. முழு விண்டோஸும் யு.எஸ்.பி. டிரைவிலிருந்து ஓடும். ஆனால் கையில் கிடைத்த பென் டிரைவ் போதாது, இதற்கென்றே சான்று பெற்ற டிரைவ் வேண்டும் என்றது நிறுவனம். 2020-ல் விண்டோஸ் 10-ன் 2004 பதிப்போடு அந்த வசதியையே எடுத்துவிட்டார்கள். அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, அந்த வகை டிரைவை பல தயாரிப்பாளர்கள் கைவிட்டதுதான்.

குழப்பத்தில் பெட்டிக்கும் பங்கு உண்டு. ‘யு.எஸ்.பி. 3.2, நொடிக்கு 100 எம்பி’ என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். அது படம் காப்பி செய்யும் வேகம், அதிலும் பெரும்பாலும் படிக்கும் வேகம். போனில் போடும் மெமரி கார்டில் A1 என்ற குறி இருந்தால், நொடிக்குக் குறைந்தது 500 சிதறல் எழுத்துகளைத் தாங்கும் என்று அர்த்தம். நகம் அளவு கார்டில் அச்சிட முடிகிறதை, பென் டிரைவ் பெட்டியில் அச்சிட இடமில்லை என்று சொல்ல முடியாது. அது வரும் வரை, பெட்டியைப் பார்த்து ஓ.எஸ். போட டிரைவ் வாங்குவது குத்துமதிப்புதான்.

அப்படியானால் பென் டிரைவிலிருந்து ஓட்டவே கூடாதா? ஓட்டலாம், எழுதவிடாமல். 16 ஜிபி ரேம் இருந்தால், உபுண்டுவின் பூட் மெனுவில் e அழுத்தி, linux என்று தொடங்கும் வரியில் persistent என்ற சொல் இருந்தால் அதை நீக்கிவிட்டு, கடைசியில் toram என்று சேர்த்து F10 கொடுத்தால், மொத்த ஓ.எஸ்.ஸும் ரேமுக்கு வந்துவிடும். பூட் ஆக நேரம் பிடிக்கும், ஆனால் அப்புறம் பென் டிரைவுக்கு வேலையே இல்லை. ஆஃப் செய்தால் செய்ததெல்லாம் போய்விடும் என்பதால், ஃபைல்களை கிளவுடில் வைக்க வேண்டும். ரேம் குறைவு என்றால் பப்பி லினக்ஸ் போன்ற சின்ன ஓ.எஸ். சரி. போர்ட்டபிள் ஃபயர்ஃபாக்ஸில் about:config திறந்து browser.sessionstore.interval என்பதை 15000-லிருந்து 300000 ஆக்கினால், 15 விநாடி என்பது 5 நிமிடமாகும். திடீரென மூடிக்கொண்டால் கடைசி ஐந்து நிமிட டேப்கள் போகலாம், அவ்வளவுதான் நஷ்டம்.

தினமும் வேலை பார்க்க வேண்டும் என்றால் கதை வேறு. ஹார்ட் டிஸ்க் போன அந்த லேப்டாப்பில் டிஸ்க் இருந்த இடம் இப்போது காலியாகத்தான் இருக்கிறது. அதில் ஒரு சின்ன சாட்டா எஸ்.எஸ்.டி.யைப் போட்டு, உபுண்டுவை அதில் இன்ஸ்டால் செய்ய அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரத்துக்கு மட்டும் பென் டிரைவ் தேவைப்படும்.