பார்சல் திருவள்ளூருக்குப் போய்விட்டதே!

திருச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகன், தீபாவளிக்கும் பிறந்தநாளுக்கும் தாத்தா கொடுத்த பணத்தைச் சேர்த்து, ஆன்லைன் கடை ஒன்றில் போக்கிமான் கார்டுகள் கேட்டிருக்கிறான். அம்மாவின் யுபிஐ-யிலிருந்து 6,450 ரூபாய் போய்விட்டது. கார்டு வரவில்லை. ட்ராக்கிங்கில் பார்த்தால் 'டெலிவரி ஆகிவிட்டது' என்று இருக்கிறது. கடைக்காரரோ, "நாங்க அனுப்பிட்டோம் மேடம், இனி தபால்காரங்களைத்தான் கேட்கணும்" என்கிறாராம். "நான் எழுதி வைத்திருக்கும் புகார்க் கடிதத்தைக் கொஞ்சம் சரிபார்த்துத் தாருங்கள்" என்று கேட்டு, எல்லா ஸ்கிரீன்ஷாட்டையும் இணைத்திருந்தார்.

கடிதத்தைவிட ஸ்கிரீன்ஷாட்தான் என்னை நிறுத்தியது. ட்ராக்கிங் பக்கத்தில், பார்சல் போய்ச் சேரவேண்டிய பின்கோடு 602-ல் தொடங்குகிறது. திருச்சி பின்கோடு 620. இரண்டு இலக்கம் இடம் மாறியதில் பார்சல் திருவள்ளூர் பக்கம் போய் யாரோ ஒருவர் கையில் சேர்ந்திருக்கிறது! ஆர்டர் போட்ட அன்று கடையிலிருந்து வந்த மின்னஞ்சலில் 620 என்று சரியாகவே இருக்கிறது. அதாவது வாசகி முகவரியைச் சரியாகத்தான் கொடுத்திருக்கிறார். உறைமேல் எழுதும்போது கடையில்தான் மாறியிருக்கிறது. இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும், 'தபால்காரரைக் கேளுங்கள்' என்ற பேச்சு நிற்காது. அதோடு, ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பியவர் கடைக்காரர். பதிவு ரசீது அவரிடம்தான் இருக்கிறது. அதில் பெறுபவர் பெயர், ஊர், பின்கோடு, பார்சலின் எடை எல்லாம் அச்சாகியிருக்கும்.

இவ்வளவு பலமான ஆதாரம் இருக்க, வாசகியின் கடிதத்தில் மூன்று பக்கமும் பிள்ளை அழுததுதான் இருந்தது. அம்மா மனசு, புரிகிறது. ஆனால் கடைக்குப் போகும் கடிதத்தில் அது ஒரு வரி இருந்தால் அதிகம்.

இன்னொரு வரியை நான் முழுதாக எடுத்துவிட்டேன். 'இந்தக் கார்டு நாளைக்கு விலை ஏறும், விற்றால் லாபம் என்று மகன் சொன்னான்' என்று எழுதியிருந்தார். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி மறுவிற்பனைக்காகப் பொருள் வாங்குபவர் 'நுகர்வோர்' ஆகமாட்டார். பையன் ஆசையாய்ச் சேர்க்கிறான் என்பதுதானே உண்மை? விளையாட்டாய்ச் சொன்ன ஒரு வார்த்தையை எதிர்த்தரப்புக்கு நாமே எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

மூன்றாவதாக ஒரு சிக்கல். "அதே கார்டு ஸ்டாக் இல்லை, வேற சாரிசார்ட் அனுப்புறோம்" என்று கடைக்காரர் ஒருமுறை சொல்லியிருக்கிறார். கேட்க நியாயமாய்த்தான் இருக்கும். ஆனால் '151' என்ற அந்த ஒரே தொகுப்பில் 'சாரிசார்ட் இஎக்ஸ்' கார்டு மூன்று விதமாய் இருக்கிறது: எண் 6, எண் 183, எண் 199. பெயர் ஒன்று, படம் வேறு, கிடைக்கும் அருமை வேறு, விலையும் வெகுவாக வேறு. பையன் பணம் கட்டியது 183-க்கு. கார்டின் கீழே இடது மூலையில் பொடி எழுத்தில் தொகுப்பின் குறியீடு, மொழி, எண் மூன்றும் இருக்கும். கடிதத்தில் அதை அப்படியே எழுதிவிட்டால், அதே பெயரில் வேறொன்றைத் தலையில் கட்ட வழியில்லை.

இதோ, திருத்திய கடிதம். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களும் விவரங்களை மாற்றிப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

*

பெறுநர்: குறைதீர்க்கும் அலுவலர் அவர்கள்

பொருள்: பணம் செலுத்தியும் பொருள் வந்து சேராதது – ஆர்டர் எண் (…)

ஐயா / அம்மையீர்,

பிப்ரவரி 10 அன்று தங்கள் இணையக் கடையில் கீழ்க்கண்டவற்றை என் மகனின் சேகரிப்புக்காக வாங்கினேன்.

போக்கிமான் '151' பூஸ்டர் பண்டில் (6 பாக்கெட், ஆங்கிலம்) ஒன்று: ரூ.3,150. சாரிசார்ட் இஎக்ஸ் தனிக் கார்டு, MEW EN 183/165, ஒன்று: ரூ.3,200. அனுப்பும் செலவு: ரூ.100. மொத்தம் ரூ.6,450 அன்றே யுபிஐ மூலம் செலுத்தப்பட்டது. பரிவர்த்தனை எண் (…).

பிப்ரவரி 12 அன்று தாங்கள் அனுப்பிய ஸ்பீடு போஸ்ட் எண்ணின்படி, பார்சல் பிப்ரவரி 16 அன்று 602-ல் தொடங்கும் பின்கோடு பகுதியில் டெலிவரி ஆகியுள்ளது. நான் கொடுத்த பின்கோடு 620-ல் தொடங்குவது. தங்களின் ஆர்டர் உறுதி மின்னஞ்சலிலும் அவ்வாறே உள்ளது. எனவே பார்சல் என் முகவரிக்கு அனுப்பப்படவே இல்லை. இன்றுவரை எனக்கு எந்தப் பொருளும் வந்து சேரவில்லை.

தாங்கள் செய்ய வேண்டியவை: ஸ்பீடு போஸ்ட் பதிவு ரசீதின் நகலை எனக்கு அனுப்புங்கள். மேலே குறித்த அதே பொருட்களைச் சரியான முகவரிக்கு, உங்கள் செலவில் 15 நாட்களுக்குள் அனுப்புங்கள். தனிக் கார்டு 183/165 கையிருப்பில் இல்லையென்றால், வேறு எண்ணுள்ள கார்டோ கடையில் செலவழிக்கும் கூப்பனோ எனக்கு ஏற்புடையதல்ல, முழுத்தொகை ரூ.6,450-ஐப் பணம் வந்த கணக்கிலேயே திருப்பிச் செலுத்துங்கள்.

நுகர்வோர் பாதுகாப்பு (மின்-வணிகம்) விதிகள், 2020-ன்படி இப்புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும் என்பதை நினைவூட்டுகிறேன்.

இணைப்பு: ஆர்டர் உறுதி மின்னஞ்சல், பணம் செலுத்திய விவரம், ட்ராக்கிங் பக்கத்தின் படம், நம் உரையாடல்களின் படங்கள்.

இப்படிக்கு,
(பெயர், முகவரி, தொலைபேசி)

*

இதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது. கடையின் இணையதளத்தில் குறைதீர்க்கும் அலுவலரின் பெயரும் தொடர்பு விவரமும் இருக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் உள்ளதுதான். அந்த மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். பெயரே போடவில்லை என்றால் அந்தப் பக்கத்தையும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பின்னால் உதவும். ட்ராக்கிங் பக்கத்தையும் தேதி தெரியும்படி இன்றே சேமித்துவிடுங்கள். பழைய பார்சல்களின் விவரம் அங்கே எப்போதும் இருக்கும் என்று நம்ப முடியாது.

பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். அவர்கள் கடையிடம் பேசித் தீர்க்கப் பார்ப்பார்கள். உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. உத்தரவு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். கடை எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் திருச்சியிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, e-jagriti.gov.in தளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். பிரச்னை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம் உண்டு. வழக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும். பணம் உங்கள் கணக்கிலிருந்துதானே போயிருக்கிறது.

கடிதம் பார்த்துவிட்டுக் கடைக்காரர் பார்சலை அனுப்பிவைத்தால், பையனை உடனே பிரிக்க விடாதீர்கள்! உறைமேல் இருக்கும் முகவரியில் தொடங்கி, தனிக் கார்டின் இடது மூலை எண் வரை, நடுவில் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். 183 இருக்கிறதா என்று பார்த்த பிறகு அந்த ஆறு பாக்கெட்டுகளையும் அவன் பிரிக்கட்டும்.