17சி கையில இல்லாம பூத்தை விட்டு வெளிய வராதீங்க!

பூத் ஏஜென்ட்களுக்காக நேத்து ராத்திரி நடந்த இணையவழிப் பயிலரங்குல கலந்துக்க முடியாத தோழர்களே, உங்களுக்காகத்தான் இந்தப் பதிவு. பேசுனவங்க மூணு பேர். ஆளுக்கு ஒரு விஷயம் எடுத்து வந்திருக்கேன்.

முதல்ல பேசுனவர், வாக்குச்சாவடித் தலைமை அலுவலரா பல தேர்தல் பார்த்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயா. வாக்குப்பதிவு தொடங்க 90 நிமிஷம் முன்னாடி மாதிரி வாக்குப்பதிவு நடக்கும். குறைஞ்சது 50 ஓட்டு போட்டுப் பார்ப்பாங்க. நம்ம ஆளுங்க பலர் முடிவு சரியா வந்ததும் டீ குடிக்கக் கிளம்பிடுறாங்க. அதுக்கப்புறம்தான் முக்கியமான வேலையே! கட்டுப்பாட்டுக் கருவியில அந்த ஓட்டுகளை அழிக்கணும், மொத்தம் பூஜ்ஜியம்னு காட்டணும், விவிபேட் பெட்டியில இருந்து சீட்டுகளை வெளிய எடுக்கணும். மூணையும் கண்ணால பாருங்க. மாதிரியில எத்தனை ஓட்டு போட்டாங்கன்னும் குறிச்சு வைங்க.

அது ஏன்னு அடுத்துப் பேசுன வழக்கறிஞர் அண்ணன் ஒரு கணக்கு போட்டுக் காட்டினார். மாலையில நிறைவு செய்யுற 17சி படிவத்துல, வாக்காளர் பதிவேட்டுல எத்தனை பேர், கருவியில எத்தனை ஓட்டுன்னு எழுதுவாங்க. பதிவேட்டுல 812 பேர்னு வைங்க. கையெழுத்துப் போட்ட பிறகு ஒருத்தர் ஓட்டுப் போட விரும்பலன்னு போயிட்டார். இன்னொருத்தர் ரகசியத்தை மீறுனதால அனுமதிக்கப்படல. அப்போ கருவியில 810 இருக்கணும். சோதனை ஓட்டு ஏதாவது பதிவாகியிருந்தா அதுக்கும் இந்தப் படிவத்துலயே தனி வரி இருக்கு. ஆனா கருவி 860 காட்டுதா? கூடுதலா இருக்குற 50, காலைல அழிக்காம விட்ட மாதிரி ஓட்டா இருக்க வாய்ப்பு அதிகம். காலைல குறிச்சு வச்ச எண் இருந்தா அங்கேயே கேட்கலாம். குறிக்கலன்னா வெறும் சந்தேகம்தான்.

இந்தப் படிவத்தோட நகலை முகவருக்குக் கொடுக்கணும்னு 1961 தேர்தல் நடத்தை விதிகள்ல, 49எஸ் விதியிலயே இருக்கு. அது நம்ம உரிமை, யாரும் பண்ற உதவி இல்ல. பூத்துக்குள்ள போன் அனுமதி கிடையாது, அதனால போட்டோ எடுத்துக்கலாம்னு நினைக்காதீங்க. தாளே வேணும்.

கடைசியா, எண்ணிக்கை முகவரா இருந்த அக்கா பேசினாங்க. மேசைக்குக் கருவி வந்ததும் அதோட வரிசை எண்ணும் மொத்த ஓட்டும் நம்ம 17சி நகலோட ஒத்துப்போகுதான்னு பாருங்க. ரிசல்ட் பட்டன் அழுத்துறதுக்கு முன்னாடியே பார்க்கணும். ஒத்துப்போகலன்னா உடனே தேர்தல் நடத்தும் அலுவலர்கிட்ட எழுத்துல கொடுங்க, வாய்ச்சண்டை பதிவாகாது. அவங்க இதைச் சொன்னப்போ சாட் பெட்டி முழுக்கக் கேள்விதான். பெரும்பாலும் ஒரே கேள்வி, "நகல் யார்கிட்ட இருக்கு?" பூத்ல இருந்தவர் ஒருத்தர், எண்ணிக்கைக்குப் போறவர் வேற ஒருத்தர்! வாக்குப்பதிவு அன்னிக்கு ராத்திரியே நகலை ஒன்றியப் பொறுப்பாளர்கிட்ட ஒப்படைச்சிடுங்க.

ஐயா ரெண்டு மணி நேரம் கேள்விகளுக்குப் பதில் சொன்னார், தண்ணி கூடக் குடிக்கல.