‘ஆமா மேடம், ஆனா...’ என்று சொன்னால் நிறுத்திவிடுங்கள்!

கவுன்சலிங் டிப்ளமோ வகுப்பின் முதல் நாள். பாடப்புத்தகத்தைத் திறக்கச் சொல்வார் என்று காத்திருந்த மாணவர்களுக்கு, பேராசிரியை ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்தார்.

“ஒரு பொண்ணு உங்ககிட்ட வந்து, ‘அம்மா போன் பண்ணினா எடுக்கவே பிடிக்கல மேடம்’னு சொல்றா. நீங்க சொல்ற முதல் பதிலை எழுதுங்க.”

இரண்டே நிமிடங்களில் சீட்டுகள் திரும்பி வந்தன. ‘தினமும் பத்து நிமிஷம் ஒதுக்கிப் பேசுங்க’, ‘அம்மா இடத்துல இருந்து யோசிச்சுப் பாருங்க’, ‘மனசு விட்டுப் பேசினா சரியாகிடும்’ என்று ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார்.

“எல்லாம் நல்ல யோசனைதான். ஆனா ஏன் பிடிக்கலைன்னு அந்தப் பொண்ணு இன்னும் சொல்லவே இல்லையே?”

வகுப்பு அமைதியானது.

“கவலைப்படாதீங்க, கார்ல் ரோஜர்ஸே இதுல வழுக்கியிருக்கார்” என்று சிரித்தவர், அந்தக் கதையைச் சொன்னார். இன்றைய கவுன்சலிங் முறைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர், அமெரிக்க உளவியலாளர் ரோஜர்ஸ். 1928 முதல் 12 ஆண்டுகள் ராச்செஸ்டர் நகரில் குழந்தைகளுக்காக வேலை பார்த்தார். அடங்காத ஒரு சிறுவனின் அம்மா அவரிடம் வந்துகொண்டிருந்தார். மகனைச் சிறு வயதிலேயே அவர் மனதளவில் ஒதுக்கியதுதான் காரணம் என்று ரோஜர்ஸுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதைப் பல சந்திப்புகளில் பொறுமையாக விளக்கினார். எதுவும் நடக்கவில்லை. கடைசியில், ‘நம்மால் முடியவில்லை, நிறுத்திக்கொள்ளலாம்’ என்றார். அந்த அம்மாவும் ஒப்புக்கொண்டு எழுந்தார்.

வாசல் வரை போனவர் திரும்பி, பெரியவர்களுக்கும் இங்கே கவுன்சலிங் தருவீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றதும் மறுபடி வந்து உட்கார்ந்து, தன் மணவாழ்க்கையின் வேதனையைக் கொட்டினார். அதுவரை அவர் சொல்லியிருந்த கதையில் இது எதுவுமே இல்லை. உண்மையான சிகிச்சை அப்போதுதான் தொடங்கியது. எங்கே வலிக்கிறது என்று வந்தவருக்குத்தான் தெரியும். அதை ரோஜர்ஸ் கற்றுக்கொண்டது அந்த அம்மாவிடம்.

அடுத்து, இரண்டு மாணவிகளை எதிரெதிரே உட்கார வைத்தார் பேராசிரியை. ஒருவர் அந்தப் பெண்ணாக நடிக்க வேண்டும். முழுக்கதையையும் அவரிடம் மட்டும் எழுதிக் கொடுத்திருந்தார்.

கவுன்சலராக இருந்தவர், “தினமும் கொஞ்ச நேரம் பேசிப் பாருங்களேன்” என்றார்.

“ஆமா மேடம், ஆனா அவங்க சொல்றதைத்தான் சொல்லிட்டிருப்பாங்க.”

“அப்போ வாய்ஸ் மெசேஜ் அனுப்பலாமே?”

“அனுப்பலாம். ஆனா அதுக்கும் போன் பண்ணுவாங்க.”

பேராசிரியை நிறுத்தினார். “இந்த ‘ஆமா, ஆனா’ ரெண்டு தடவை வந்தா, நீங்க அவசரப்பட்டுட்டீங்கன்னு அர்த்தம். வர்றவங்க பலரும் ரெண்டு மனசோடதான் வருவாங்க. நீங்க ஒரு பக்கம் பேசினா, அவங்க இன்னொரு பக்கத்துக்கு வக்கீல் ஆகிடுவாங்க. இப்போ யோசனை சொல்லாம, காதுல விழுந்ததை மட்டும் திருப்பிச் சொல்லுங்க.”

இரண்டாவது சுற்று.

“போன் அடிச்சாலே அம்மா மேல கோபம் வருது போல...”

“கோபம் இல்ல மேடம். பயம். எடுத்ததும், ‘வேலை எப்படிப் போகுது’ன்னு கேப்பாங்க.”

கவுன்சலர் அடுத்த கேள்விக்கு வாயைத் திறக்க, பேராசிரியை கையை உயர்த்தித் தடுத்தார். சில விநாடிகள் யாரும் பேசவில்லை.

“வேலை போய் ரெண்டு மாசம் ஆச்சு மேடம். அம்மாகிட்ட இன்னும் சொல்லல.”

தினமும் பத்து நிமிடம் பேசச் சொன்ன சீட்டு, அந்தப் பெண்ணைத் தினமும் பத்து நிமிடம் பொய் சொல்லச் சொல்லியிருக்கிறது என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

“‘கோபம்’னு சொன்னது தப்பு. ஆனா அதுல நஷ்டமில்ல. ‘போல’ன்னு முடிச்சதால, ‘இல்ல’ன்னு திருத்த அந்தப் பொண்ணுக்கு இடம் கிடைச்சது. பணிவுன்னு நான் சொல்றது அதைத்தான்” என்றார்.

பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்தார். “அப்போ கடைசி வரைக்கும் கேட்டுட்டே இருக்கணுமா மேடம்?”

“இல்ல. வேலை போன விஷயம் வெளிய வந்தாச்சு. அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு இனிமே ரெண்டு பேரும் சேர்ந்து யோசிக்கலாம். ஆனா, ‘உயிரோட இருந்து என்ன’ன்னு யாராவது சொன்னா காத்திருக்கக் கூடாது. ‘தற்கொலை எண்ணம் வருதா’ன்னு நேரா கேளுங்க. கேக்கறதால அந்த எண்ணம் புதுசா வந்துடாது. ஆமான்னா, தனியா விடாம, உடனே உங்க மேற்பார்வையாளரைக் கூப்பிடுங்க. குழந்தைக்குப் பாலியல் துன்புறுத்தல்னு தெரிஞ்சா, 2012 போக்சோ சட்டப்படி புகார் கொடுத்தே ஆகணும். ரகசியம் காக்கறேன்னு சொல்ல முடியாது.”

மணி அடித்தது. அன்றைய வீட்டுப்பாடம் ஒன்றே ஒன்றுதான். இரவு வீட்டில் யாராவது ஒரு குறையைச் சொன்னால், ஐந்து நிமிடம் எந்த யோசனையும் சொல்லாமல் கேட்க வேண்டும்.

“எத்தனையாவது நிமிஷத்துல வாயைத் திறந்தீங்கன்னு நாளைக்கு வந்து சொல்லுங்க. அங்கிருந்து பாடத்தை ஆரம்பிக்கலாம்.”