சைக்கிள் வாங்க ஷோரூமுக்கு முன்னாடி பஞ்சர் கடைக்குப் போங்க

போன வாரம் அக்கா போன் பண்ணி, "பையன் ஒன்பதாவது போறான்டா, சைக்கிள் வாங்கணும். நீயும் கூட வா"ன்னு கூப்பிட்டாங்க. எங்க ஊர்ல இருந்து ஆரணி பள்ளிக்கூடம் 7 கிலோமீட்டர். மருமகப் பிள்ளை ஏற்கனவே ஒண்ணைப் பார்த்து வச்சிருந்தான். 29 இஞ்ச் வீல், 21 கியர், முன்னாடி ஷாக், தடி டயர். "மாமா, கிளாஸ்ல எல்லாரும் இதான் வச்சிருக்காங்க"ன்னான்.

நான் அவனை ஷோரூமுக்குக் கூட்டிப் போகல. முதல்ல ஊர் முனை பஞ்சர் கடைக்குத்தான் போனோம். அங்க ஆணியில தொங்குற டயர், டியூபைப் பாருடா, அதுல எது இருக்கோ அந்த சைஸ் சைக்கிளைத்தான் வாங்கப் போறோம்னு சொன்னேன்.

இது அனுபவத்துல வந்த புத்தி. முன்னே ஒரு தடவை டவுன்ல "26 டயர்"னு கேட்டு வாங்கிட்டு வந்தேன். மாட்டினா ரிம்முல ஏறவே இல்ல. அப்புறம்தான் தெரிஞ்சது, 26ன்னு பேர்ல ரெண்டு டயர் இருக்குன்னு. சாதா சைக்கிள்ல வர்ற 26 × 1⅜ டயர் ஓரத்துல 37-590ன்னு இருக்கும். மலை சைக்கிள்னு விக்கிற 26 × 1.95 டயர்ல 559ன்னு முடியும். அந்தக் கடைசி நம்பர்தான் டயர் உக்கார்ற ரிம்மோட விட்டம், மில்லிமீட்டர் கணக்குல. ரெண்டுக்கும் 31 மில்லிமீட்டர் வித்தியாசம். ஒண்ணு இன்னொண்ணுல எப்படி ஏறும்? அதனால "26"னு மட்டும் கேக்காதீங்க. டயர் ஓரத்தைத் தடவிப் பார்த்து அந்த நம்பரைக் குறிச்சுக்கிட்டுப் போங்க.

எங்க பஞ்சர் கடையில 590 இருந்தது, பழைய பெரிய சைக்கிளுக்கான 28 × 1½ம் இருந்தது. 29 இல்ல. பரீட்சை நாள் காலையில டயர் வெடிச்சா, 29க்கு டவுனுக்குத்தான் ஓடணும்.

அடுத்து கியர். ஆரணியைச் சுத்தி தரை சமம். படவேட்டைத் தாண்டி ஜவ்வாது மலை ஏறி ஜமுனாமரத்தூர் போறவனுக்குக் கியர் வேணும், நான் மறுக்கல. பள்ளிக்கூடம் போறவனுக்கு எதுக்கு? கியரை மாத்துற அந்தக் கை, பின் வீலுக்குப் பக்கத்துல ஒரு சின்னத் துண்டுல தொங்குது. ஸ்டாண்டுல பத்து சைக்கிள் ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சா அது வளைஞ்சுடும். அந்தத் துண்டு மாடலுக்கு மாடல் வேற வடிவம். செயினும் மெலிசு, சாதா செயின் அதுல ஓடாது.

"எதிர்காத்துல மிதிக்க முடியலையே மாமா"ன்னான் பையன். நியாயமான கேள்விதான். எங்க வீட்டு சைக்கிள்ல எண்ணிக் காட்டினேன். முன்னாடி 44 பல்லு, பின்னாடி ஃப்ரீவீல்ல 18. பெடலை ஒரு சுத்து சுத்தினா சுமார் 5.1 மீட்டர் போகும். பின்னாடி 20 பல்லு ஃப்ரீவீல் போட்டா 4.6 மீட்டர்தான் போகும், ஆனா மிதி பத்துல ஒரு பங்கு லேசாயிடும். பை கனத்தோட போற பிள்ளைக்கு இது போதும். மெக்கானிக் கிட்ட சொன்னா மாத்திக் கொடுப்பார். செயின் நீளம் பத்தலைன்னா மட்டும் கொஞ்சம் சேர்க்கணும்.

ஃபிரேமுக்குச் சின்னச் சோதனைதான். பாருக்கு மேல ரெண்டு பக்கமும் கால் போட்டு நிக்கச் சொல்லுங்க. ரெண்டு பாதமும் தரையில முழுசா பதியணும், பாருக்கும் தொடைச் சந்துக்கும் ரெண்டு மூணு விரல் இடைவெளி இருக்கணும். "வளர்ற பிள்ளை"ன்னு பெருசா வாங்கினா, திடீர்னு பிரேக் போட்டு இறங்கும்போது பார்லதான் இடிப்பான். வளர வளர சீட்டைத் தூக்கிக்கலாம், பாரை இறக்க முடியாது. பாவும் நூலும் கேரியர்ல கட்டிப் போற நெசவாளிக்குப் பார் இல்லாத, கால் நுழைச்சு ஏறுற ஃபிரேம்தான் சரி. சுமைக்கு மேல காலைத் தூக்கிப் போட முடியாதே. இரும்பு ஃபிரேமா வாங்குங்க, விரிசல் விட்டா நம்ம ஊர் வெல்டிங் பட்டறையிலயே ஒட்டிக்கலாம். அலுமினியத்தை அப்படி எல்லா பட்டறையிலயும் ஒட்ட மாட்டாங்க. விலை குறைஞ்ச ஷாக் வெறும் கனம்தான்.

இன்னொண்ணும் அக்காகிட்ட சொன்னேன். பையன் அரசுப் பள்ளி. பிளஸ் ஒன்ல அரசாங்கமே சைக்கிள் கொடுக்கும். இப்ப வாங்குறது அவனுக்கு ரெண்டு வருஷம், அப்புறம் தங்கச்சிக்குப் போகும். அதனால பார் இல்லாததையே வாங்கினா ரெண்டு பேருக்கும் ஆச்சு.

பையன் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டான். "லேடீஸ் சைக்கிளா?"ன்னு ஒரு பார்வை. கடைசியில கருப்புக் கலர், 590 டயர், கியர் இல்லாத ஒண்ணை எடுத்தோம். நாலு நாள் என்கிட்ட பேசல. அஞ்சாம் நாள் பஞ்சர். எங்க ஊர் கடையிலேயே ஒட்டிக்கிட்டு முதல் மணிக்குள்ள பள்ளிக்கூடம் போய்ட்டானாம். சாயங்காலம் அவனே வந்து சொன்னான்.