அக்கா கல்யாணச் சீருக்கு ஒரு ஜோடி குத்துவிளக்கு: தஞ்சை - கும்பகோணம் 2 நாள் ஷாப்பிங் பிளான்!

ஷாப்பிங்குக்காகவே ஊருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தப்பைத்தான் செய்கிறோம். முதல் நாள், முதல் கடையில், கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கிவிடுவோம். இரண்டாம் நாள், எதை வாங்கக் கிளம்பினோமோ அதைப் பார்க்கும்போது பர்ஸ் காலியாக இருக்கும். இரண்டு வருடங்களுக்கு முன்பு நானும் அம்மாவும் இப்படித்தான் ஒரு ட்ரிப் போய், மூன்று பை நிறையச் சாமான்களோடும், அம்மா ஆசைப்பட்ட பித்தளை விளக்கு இல்லாமலும் திரும்பி வந்தோம். கல்யாண வயதில் அக்கா இருக்க, அந்த விளக்குப் பேச்சு வீட்டில் அடிக்கடி வரும். "அன்னைக்கே வாங்கியிருக்கலாம்" என்பதில்தான் முடியும்.

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், இந்த முறை பேப்பரில் கணக்குப் போட்டுவிட்டுத்தான் டிக்கெட் எடுத்தோம். நாள் இரண்டு, ஆள் இரண்டு, மொத்த பட்ஜெட் 20,000 ரூபாய். வாங்க வேண்டிய முக்கியப் பொருள் ஒன்றே ஒன்று, நாச்சியார்கோயில் குத்துவிளக்கு ஒரு ஜோடி.

முதலில் பணத்தைப் பிரியுங்கள்

ரயில், பஸ், ஆட்டோவுக்கு 3,000, ஒரு ராத்திரி ரூமுக்கு 1,800, சாப்பாட்டுக்கு 1,700. ஆக 6,500 ரூபாய் செலவுக் கணக்கில் போய்விட்டது. மீதி 13,500 ரூபாயை நான்கு கவர்களில் போட்டோம். விளக்குக்கு 8,000. பொம்மைக்கு 1,500. சொந்தக்காரர்களுக்குச் சின்னச் சின்னப் பொருள்கள் வாங்க 1,500. கடைசி கவரில் 2,500. அந்தக் கடைசி கவரை இரண்டாம் நாள் மதியம் வரை திறக்கக் கூடாது என்பது அம்மா போட்ட கண்டிஷன்.

அது எதற்கு என்றால், குத்துவிளக்கை எடை போட்டுத்தான் விற்பார்கள். பிடித்த விளக்கு அரை கிலோ கூடுதலாக இருந்தால் விலையும் கூடும். பேக்கிங், கூடுதல் ஆட்டோ எல்லாம் அதற்குப் பிறகு வரும். இந்தக் கவர் இல்லாவிட்டால், கடைசி நேரத்தில் பிடிக்காத விளக்கை "பரவாயில்லை" என்று வாங்க வேண்டியிருக்கும்.

பட்டுப்புடவையை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. கும்பகோணத்துக்குப் பக்கத்திலேயே திருபுவனம் இருக்கிறது, ஆசை வரத்தான் செய்யும். ஆனால், ஒரு நல்ல பட்டு இந்த பட்ஜெட் மொத்தத்தையும் சாப்பிட்டுவிடும். கல்யாணப் பட்டுக்குத் தனி பட்ஜெட்டோடு தனியாக ஒரு நாள் வருவதுதான் சரி.

கனமான பொருள் கடைசி ஊரில்

சென்னையிலிருந்து இரவு ரயிலில் கிளம்பினால் காலையில் தஞ்சாவூர். அதே ரயில் பாதையில்தான் கும்பகோணமும் இருக்கிறது. எனவே, முதல் நாள் தஞ்சாவூர், சாயங்காலம் பஸ்ஸில் 40 கிலோமீட்டர் தள்ளி கும்பகோணம், ராத்திரி அங்கே ரூம். மறுநாள் சுவாமிமலையும் நாச்சியார்கோயிலும். அன்று இரவு கும்பகோணத்திலேயே ரயில் ஏற வேண்டியதுதான். விளக்கு வாங்கிய பிறகு அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை. திரும்பும் டிக்கெட்டையும் தஞ்சாவூரிலிருந்து எடுத்துவிட்டால் இந்த வசதி போய்விடும், கவனம்.

கிழமையும் முக்கியம். நாங்கள் வெள்ளி, சனி என்று வைத்துக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை கடை திறந்திருந்தாலும் பட்டறையில் ஆள் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. முகூர்த்த நாள் நெருக்கத்தில் போனால் விளக்குக் கடையில் நின்று பேசவே நேரம் கிடைக்காது.

முதல் நாள்: விலை கேளுங்கள், பொம்மை மட்டும் வாங்குங்கள்

தஞ்சாவூரில் நாங்கள் முதலில் போனது தமிழக அரசின் பூம்புகார் விற்பனை நிலையத்துக்கு. அங்கே பேரம் கிடையாது, விலை ஒட்டியிருக்கும். விளக்கு, தட்டு, பொம்மை என நாம் வாங்க நினைக்கும் எல்லாவற்றின் அளவையும் விலையையும் போனில் குறித்துக்கொண்டோம். அடுத்த இரண்டு நாளும் எந்தக் கடையில் விலை சொன்னாலும் ஒப்பிட்டுப் பார்க்க இந்தக் குறிப்புதான் உதவியது.

பொம்மை வாங்கும்போது இரண்டு வகை உண்டு என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, ராஜா ராணி சாய்ந்தாடும் பொம்மை. அடிப்பாகம் உருண்டையாகக் களிமண் கனத்தோடு இருக்கும், மேல் பாகம் லேசாக இருக்கும். அதனால்தான் எப்படித் தள்ளினாலும் எழுந்து நிற்கிறது. தரையோடு தரையாகச் சாய்த்துவிட்டுக் கையை எடுங்கள். நேராக வந்து நிற்க வேண்டும். ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றால் கனம் நடுவில் உட்காரவில்லை என்று அர்த்தம்.

இன்னொன்று, நாட்டியம் ஆடும் தலையாட்டி பொம்மை. தலை, உடம்பு, பாவாடை எல்லாம் தனித்தனித் துண்டுகள். ஒன்றன்மேல் ஒன்றாகக் கம்பியில் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு துண்டையும் லேசாகத் தட்டிப் பாருங்கள். எங்கேயும் உரசாமல் ஆட வேண்டும். வாங்கியதும் துண்டுகளைக் கழற்றித் தனித்தனியாகப் பேப்பரில் சுற்றித் தரச் சொல்லுங்கள். அப்படியே பையில் வைத்தால் வீட்டுக்கு வருவதற்குள் பெயின்ட் உதிர்ந்துவிடும்.

மதியம் வெயில் நேரத்தில் அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போனோம். அங்கே இருக்கும் சோழர் காலச் செப்புத் திருமேனிகளை ஒரு மணி நேரம் பார்த்தால், மறுநாள் சுவாமிமலையில் பார்ப்பது நன்றாகப் புரியும்.

இரண்டாம் நாள் காலை: சுவாமிமலையில் பார்க்க மட்டும்

சுவாமிமலையில் நாங்கள் எதையும் வாங்கவில்லை. ஆனால், அங்கே செலவழித்த இரண்டு மணி நேரம்தான் நாச்சியார்கோயிலில் எங்களுக்குக் கைகொடுத்தது. பட்டறையில் அனுமதி கேட்டுவிட்டு உள்ளே போனால், தென்னை ஓலை நறுக்கை மடித்து மடித்து அளவு எடுப்பதைப் பார்க்கலாம். சிலையை முதலில் மெழுகில் செய்கிறார்கள். அதன்மேல் காவிரிக் கரை வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றுகிறார்கள். அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியதும் மண் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். ஆக, ஓர் அச்சுக்கு ஒரே சிலைதான். பிறகு உளி வேலை வேறு இருக்கிறது.

அதனால், இங்கே சிலை வாங்க வேண்டுமென்றால் ஆர்டர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கொஞ்சம்கூட வித்தியாசம் இல்லாத பத்துச் சிலைகள் வரிசையாக இருந்தால், அது இந்த முறையில் வார்த்ததா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு விலை பேசுங்கள். வெளிநாட்டுக்கு எடுத்துப்போகிறவர்கள் பில்லோடு, இது தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறை தரும் சான்றிதழ் பற்றியும் கடையிலேயே கேட்டுவிடுவது நல்லது. ஏர்போர்ட்டில் சங்கடப்பட வேண்டாம்.

இரண்டாம் நாள் மதியம்: தராசில் ஏற்றுங்கள்

நாச்சியார்கோயில், கும்பகோணத்திலிருந்து பத்துக் கிலோமீட்டர் போல. மதியத்தில் கோயில் நடை சாத்தியிருக்கும், கல் கருடனைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று நேராகக் கடைக்குப் போனோம்.

முதல் கடையில் ஒரு ஜோடி விளக்கைக் காட்டி "7,500" என்றார்கள். எங்கள் கவரில் இருப்பதைவிட 500 குறைவு. எனக்குச் சந்தோஷம். அம்மா, "எடை போடுங்க தம்பி" என்றார். ஜோடி 6 கிலோ. அதாவது, கிலோ 1,250 ரூபாய். இரண்டாவது கடையில் கிலோ 1,050, வரி சேர்த்து. அங்கே எங்களுக்குப் பிடித்த ஜோடி 7.6 கிலோ, 7,980 ரூபாய். 480 ரூபாய் கூடுதலுக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் கனமான விளக்கு! இது நாங்கள் போன அன்றைய விலை. பித்தளை விலை ஏறி இறங்கும். நீங்கள் கேட்க வேண்டியது ஜோடி விலையை அல்ல, கிலோ விலையை. அதில் வரி சேர்ந்ததா என்பதையும்.

பணம் கொடுப்பதற்கு முன்பு அம்மா செய்ததை அப்படியே எழுதுகிறேன். விளக்கின் அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் இருக்கும் அன்னம் எல்லாவற்றையும் தனித்தனியாக வார்த்து, கடைந்து, திருகிச் சேர்க்கிறார்கள். அம்மா எல்லாத் திருகையும் கழற்றிப் பார்த்தார். மரை தேயாமல் முழுதாக இறங்க வேண்டும். அடிப்பாகத்தைக் கவிழ்த்து, உள்ளே மெழுகோ சிமென்ட்டோ அடைத்திருக்கிறதா என்று பார்த்தார். அடைத்திருந்தால் பித்தளை விலையில் அதையும் வாங்குகிறோம் என்று அர்த்தம். ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தார். பித்தளையில் காந்தம் ஒட்டாது. தண்டில் ஒட்டினால் உள்ளே இரும்பு இருக்கிறது.

பிறகு எண்ணெய்த் தட்டில் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்தார். வார்ப்பில் கண்ணுக்குத் தெரியாத சிறு துளை இருந்தால் அடியில் ஈரம் தெரியும். கடைசியாக, இரண்டு விளக்கையும் சமதளத்தில் நிறுத்தி உச்சியைத் தொட்டுப் பார்த்தார். ஒன்று ஆடியது. "அப்போ வேற எடுத்துடலாமா?" என்றேன். கடைக்காரரே வாங்கிப்போய் அடிப்பாகத்தை ராவி, கால் மணி நேரத்தில் ஆடாமல் நிற்கவைத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்தபிறகு கண்டுபிடித்திருந்தால் அட்டையை மடித்து அடியில் வைத்திருப்போம்.

கழற்றிய துண்டுகளைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி இரண்டு பைகளில் பிரித்துக்கொண்டோம். ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பில் ஒருவருக்கு 40 கிலோ வரை இலவசம் என்பதால் கவலை இல்லை. விமானத்தில் வருகிறவர்கள் லக்கேஜ் எடையைப் பார்த்துவிட்டு விளக்கின் உயரத்தை முடிவு செய்யுங்கள்.

கும்பகோணம் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது கவர்களைத் திறந்து பார்த்தோம். கடைசி கவரில் பேக்கிங், ஆட்டோ போக 2,100 ரூபாய் அப்படியே இருந்தது. "அடுத்த தடவை திருபுவனம்" என்று சொல்லி அம்மா அதை இடுப்பில் செருகிக்கொண்டார். அந்த கவரை இன்னும் அவர் யாரிடமும் கொடுக்கவில்லை.